ஒரு கப் பிளாக் காபி: விரதம் உடலுக்குள் எங்கே முறிகிறது?

நாளைக் காலை அறுவை சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். மயக்க மருந்து நிபுணர்களின் பொதுவான வழிகாட்டு நெறிகளின்படி, சிகிச்சைக்கு 2 மணி நேரம் முன்புவரை பால் சேர்க்காத காபியோ டீயோ குடிக்கலாம். நாளைக் காலை இருப்பது வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை என்றால் பதில் வேறு: தண்ணீர் மட்டும்தான், காபி கூடாது. 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொள்ளும் இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங்கில் இருப்பவரைக் கேட்டால், அவர் தாராளமாகக் குடிக்கலாம் என்பார். அடுத்தவர் ஒரு சொட்டு காபி போனாலும் விரதம் போச்சு என்பார்.

இவற்றில் முதல் இரண்டும் சரி. மூன்றாவதில்தான் சண்டை. காபி ஒன்றுதான், ஆனால் 'வெறும் வயிறு' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பொருள். மயக்க மருந்து நிபுணருக்கு வேண்டியது, வயிற்றில் எதுவும் தங்கி மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பது. கலோரியைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அதனால்தான் சர்க்கரை போட்ட தெளிந்த பானத்தைக்கூட 2 மணி நேரம் வரை அனுமதிக்கிறார்கள், ஆனால் பால் என்றால் 6 மணி நேர இடைவெளி கேட்கிறார்கள். பரிசோதனைக் கூடத்துக்கு வேண்டியது, அளவீட்டில் வேறு எதுவும் கலக்காத ரத்தம். காஃபின் ரத்தத்தில் உள்ள கொழுப்பு அமிலங்களையும் சர்க்கரையையும் அசைக்கும் என்பதால் அங்கே தடை.

எடைக்காகவோ சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்காகவோ விரதம் இருப்பவருக்கு எது முறிவு? அதற்கு, சாப்பிடாத நேரத்தில் உடல் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

## சாப்பிடாத 16 மணி நேரத்தில் நடப்பது

ஒருவர் இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு முடிக்கிறார். அடுத்த வேளை உணவு மறுநாள் நண்பகல் 12 மணிக்கு. கணக்குப்படி 16 மணி நேர விரதம். ஆனால் உடலின் கடிகாரம் 8 மணிக்கு ஓடத் தொடங்குவதில்லை. சாப்பிட்ட உணவு செரித்து, குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேரச் சுமார் 4 மணி நேரம் ஆகும், பெரிய விருந்து என்றால் இன்னும் கூடும். அந்த நேரம் முழுக்க இன்சுலின் உயர்ந்தே இருக்கும். ஆக, உடல் உண்மையில் 'உணவு இல்லை' என்று உணர்வது நள்ளிரவை ஒட்டித்தான்.

இன்சுலின் என்பது கணையம் சுரக்கும் ஹார்மோன். "உணவு வந்திருக்கிறது, எடுத்துச் சேமி" என்பதுதான் உடலுக்கு அது தரும் செய்தி. அது இறங்கும்போது இரண்டு வேலைகள் தொடங்குகின்றன.

1. கல்லீரல் தன்னிடம் உள்ள கையிருப்பைப் பிரித்து விடுகிறது. குளுக்கோஸைக் கோத்துச் சேமித்த வடிவத்துக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். கல்லீரலில் அது சுமார் 100 கிராம் வரை இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு, விரத நேரத்தில் கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 கிராம் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. அதில் பெரும்பகுதியை மூளை எடுத்துக்கொள்கிறது.

2. கொழுப்புத் திசு திறக்கிறது. சேமித்த கொழுப்பு உடைந்து, கொழுப்பு அமிலங்களாக ரத்தத்துக்கு வருகிறது. தசைகள் அதை எரிக்கின்றன. கொஞ்சம் கல்லீரலுக்குப் போய்க் கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளாக மாறுகிறது.

இரண்டாவது வேலை இன்சுலினுக்கு மிகவும் அஞ்சும். இன்சுலின் சிறிதளவு ஏறினாலே கொழுப்புத் திசுவின் கதவு பாதி சாத்திக்கொள்ளும். தசைக்குள் குளுக்கோஸைத் தள்ளத் தேவைப்படும் அளவைவிட மிகக் குறைந்த இன்சுலினே கொழுப்பு உடைவதை அடக்கிவிடும். விரதம் எங்கே முறிகிறது என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு உண்மையான பதில் இந்தக் கதவுதான்.

இது ஸ்விட்ச் அல்ல, குழாய். சாத்தினால் சாத்தும், திறந்தால் மறுபடி ஓடும். 15 மணி நேர விரதம் ஒரு வாய் பாலில் 'அழிந்துபோய்' பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் என்பது உடலைத் தெரியாத பேச்சு.

## கப்புக்குள் என்ன இருக்கிறது

240 மில்லி பிளாக் காபியில் சுமார் 2 கலோரி. சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை, புரதம் அரை கிராமுக்கும் கீழே. பால், சர்க்கரை சேர்க்காத டீயும் அப்படியே. இன்சுலினைத் தூண்ட வேண்டுமானால் குளுக்கோஸோ புரதத்தின் அமினோ அமிலங்களோ குறிப்பிட்ட அளவு வர வேண்டும். இந்தக் கப்பில் அது இல்லை. கதவு அசையாது.

இதையே பாலும் சர்க்கரையும் சேர்த்த கப்புடன் ஒப்பிட்டுப் பார்ப்போம். 100 மில்லி கொழுப்பு நீக்காத பாலில் சுமார் 65 கலோரி, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை 5 கிராம், புரதம் 3 கிராமுக்குச் சற்று மேல். அதோடு 5 கிராம் வீதம் 2 கரண்டி சர்க்கரை என்றால் இன்னொரு 40 கலோரி. மொத்தம் 105 கலோரி, 15 கிராம் மாவுச்சத்து.

15 கிராம் என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒருவரின் 5 லிட்டர் ரத்தத்தில் எந்த நேரத்திலும் மிதந்துகொண்டிருக்கும் குளுக்கோஸ் மொத்தமே 4 முதல் 5 கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டி. அதற்கு மூன்று மடங்கு ஒரே கப்பில் உள்ளே வருகிறது. கல்லீரல் 2 மணி நேரத்தில் வெளியிடும் அளவுக்குச் சமம் அது. இன்சுலின் ஏறுகிறது, கல்லீரல் வெளியீட்டைக் குறைக்கிறது, கொழுப்புத் திசு சாத்திக்கொள்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திலிருந்து 2 மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

அந்த 16 மணி நேரக்காரருக்கு வருவோம். காலை 6.30, 8.30, 10.30 என மூன்று முறை இப்படிப்பட்ட காபி. சாப்பாடு எதுவும் இல்லை, "நான் விரதத்தில்தான் இருக்கிறேன்" என்கிறார். நள்ளிரவு முதல் 6.30 வரை உடல் உணவில்லாத நிலையில் இருந்தது, ஆறரை மணி நேரம். அதற்குப் பிறகு நண்பகல் வரை உள்ள ஐந்தரை மணி நேரத்தை மூன்று கப்புகள் கிட்டத்தட்ட முழுதாக எடுத்துக்கொண்டன. பிளாக் காபி குடித்திருந்தால் 12 மணி நேரம் கிடைத்திருக்கும். கிடைத்தது ஏழு மணி நேரம் இருக்கலாம். நடுவில் 315 கலோரியும் போயிருக்கிறது. "விரதம் இருந்தும் எடை இறங்கவில்லை" என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, காலையில் என்ன குடிக்கிறீர்கள் என்பதுதான்.

## "மீட்டரில் சர்க்கரை ஏறுகிறதே?"

இந்த இடத்தில்தான் குழப்பம் அதிகம். கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் குளுக்கோஸ் கருவி பரவலான பிறகு, பிளாக் காபி குடித்ததும் எண் ஏறுவதைப் பலர் பார்க்கிறார்கள். 93 இருந்தது, அரை மணி நேரத்தில் 104. "கலோரியே இல்லாத பானம் சர்க்கரையை ஏற்றிவிட்டது, ஆகவே விரதம் முறிந்தது" என்று முடிவு கட்டுகிறார்கள்.

எண் ஏறியது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தச் சர்க்கரை காபியிலிருந்து வரவில்லை, கல்லீரலிலிருந்து வந்தது. காஃபின், அடினோசின் என்ற பொருளின் ஏற்பிகளை மறித்து வேலை செய்கிறது. தூக்கம் கலைவதும் அதனால்தான். அதோடு அட்ரினலின் சற்று உயர்கிறது. அட்ரினலின், "ஓட வேண்டியிருக்கிறது, எரிபொருள் விடு" என்று கல்லீரலையும் கொழுப்புத் திசுவையும் தூண்டுகிறது. காஃபின் தற்காலிகமாக இன்சுலினின் வேலைத்திறனையும் குறைக்கிறது, தசைகள் குளுக்கோஸை உள்ளே எடுப்பது கொஞ்சம் மந்தமாகிறது. வெளியிடுவது கூடி, எடுப்பது குறைந்தால் எண் ஏறத்தான் செய்யும்.

ஆனால் கொழுப்புத் திசுவின் கதவு இப்போது சாத்தவில்லை. மாறாக, இன்னும் கொஞ்சம் திறக்கிறது. அடினோசின் கொழுப்பு உடைவதைத் தடுத்து வைத்திருக்கும் ஒரு பொருள், அதைக் காஃபின் மறிப்பதால் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கூடுகின்றன. சாப்பாட்டுக்குப் பின் நடப்பதற்கு நேர் எதிரான நிலை இது. சர்க்கரை எண் ஒன்றை மட்டும் பார்த்து விரதம் முறிந்ததா என்று தீர்ப்பு சொல்ல முடியாது, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

(இதை வைத்துத்தான் "காபி கொழுப்பை எரிக்கும்" என்று விற்பனை நடக்கிறது. கொழுப்பு ரத்தத்துக்கு வருவது வேறு, எரிவது வேறு. எரிக்கும் வேலை இல்லையென்றால் அதில் ஒரு பகுதி மறுபடி சேமிப்புக்கே போய்விடும்.)

எண் ஏறியதற்குக் காபியே காரணம் என்று நினைப்பதற்கு முன் இன்னும் இரண்டு விஷயங்களைக் கழிக்க வேண்டும். ஒன்று, விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் உயர்வதால் பலருக்கு எதுவும் குடிக்காமலேயே சர்க்கரை கொஞ்சம் ஏறும். இன்னொன்று, கருவியின் பிழை. விரலில் குத்திப் பார்க்கும் மீட்டருக்கான சர்வதேசத் தரமே, 100-க்குக் கீழான அளவுகளில் 15 புள்ளிகள் கூடக் குறைய இருப்பதை ஏற்கிறது. அப்படியானால் 93-க்கும் 104-க்கும் உள்ள வித்தியாசம் கருவியின் சலசலப்பாகவே இருக்கலாம்.

சந்தேகம் இருப்பவர்கள் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நாள் காலையில் குறித்த நேரத்தில் தண்ணீர் மட்டும் குடித்து, முன்னும், 30, 60, 90 நிமிடங்களிலும் அளவெடுக்க வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் பிளாக் காபி. இப்படி மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை. தண்ணீர் நாளிலும் கோடு ஏறினால் அது விடியலின் வேலை. காபி நாளில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறினால் அது காஃபினின் வேலை. தினமும் காபி குடித்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்றம் பொதுவாகக் குறைவு.

ஏற்றம் சிறியதாக இருக்கும்வரை விரதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது விரதத்தை அல்ல, அதை முடிக்கும் வேளையை. 2020-இல் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 29 பேரிடம் பார்த்தது இது: தூக்கம் கெட்ட இரவுக்குப் பிறகு, காலையில் முதலில் கடுமையான பிளாக் காபி குடித்து, பிறகு சர்க்கரைக் கரைசல் குடித்தபோது, ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறக்குறைய 50% கூடுதலாக இருந்தது. ஆக, 11.45-க்குக் காபி, 12 மணிக்கு மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு என்ற வரிசை அவ்வளவு நல்லதல்ல. சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்கள் கடைசிக் கப்பைச் சில மணி நேரம் முன்னதாக வைத்துக்கொள்வது மேல்.

## சேர்க்கும் பொருள்கள்

காபித் தூளோ டீத்தூளோ பிரச்சினை இல்லை என்றால், அதில் விழுவதைத்தான் பார்க்க வேண்டும்.

1. ஒரு மேசைக்கரண்டி பால். 15 மில்லியில் 10 கலோரி, பால் சர்க்கரை முக்கால் கிராம், புரதம் அரை கிராம். கண்டிப்பாகப் பார்த்தால் இது உணவுதான். எடைக்காக விரதம் இருப்பவருக்கு இதனால் அளந்து சொல்லும்படியான தீங்கு இல்லை. ஆபத்து வேறு: கரண்டி மெல்ல மெல்லக் கால் கப் ஆகிவிடும். பாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் சர்க்கரை அளவைப் பார்த்து எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே அது இன்சுலினைத் தூண்டும், அதிலுள்ள வே புரதம்தான் முக்கியக் காரணம்.

2. வெண்ணெய், எண்ணெய். காபியில் வெண்ணெய் போட்டு அடித்துக் குடிப்பவர்கள், "கொழுப்பு இன்சுலினை ஏற்றாது, ஆகவே விரதம் தொடர்கிறது" என்பார்கள். முதல் பாதி பெரும்பாலும் சரி. ஆனால் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் 100 கலோரி இருக்கிறது. உடல் எரிக்கப்போவது தன் சேமிப்பிலிருந்து எடுத்த கொழுப்பை அல்ல, இப்போது குடித்த கொழுப்பை. இன்சுலின் கதவு திறந்திருந்தும் உள்ளே இருப்பது குறையவில்லை என்றால் என்ன லாபம்?

3. கலோரியற்ற இனிப்பூட்டிகள். சுக்ரலோஸ், ஸ்டீவியா, ஆஸ்பர்டேம். இனிப்பு நாக்கில் பட்டதுமே கணையம் இன்சுலினைச் சுரக்குமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அப்படிச் சுரந்தாலும் அளவு சிறிது. எடை குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது, ஆனால் அது விரதத்தைப் பற்றிய பரிந்துரை அல்ல. பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பல தூள் பொட்டலங்களில் இனிப்பூட்டியைப் பரப்பி வைக்க டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ சேர்த்திருப்பார்கள். இரண்டுமே குளுக்கோஸ்தான். ஒரு பொட்டலத்தில் சுமார் ஒரு கிராம் என்பதால் ஒன்றால் எதுவும் ஆகாது, நாலைந்து என்றால் கணக்கில் வரும்.

"50 கலோரி வரை விரதம் முறியாது" என்று ஒரு விதி உலவுகிறது. உடலில் அப்படிக் கோடு எதுவும் கிடையாது. 50 கலோரி வெண்ணெயும் 50 கலோரி சர்க்கரையும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதை மேலே பார்த்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகை விரதத்தை ஆராய்ந்த பல மனித ஆய்வுகளில், விரத நேரத்தில் கலோரியற்ற பானங்களுக்கு அனுமதி இருந்தது. அதாவது விரதத்தால் கிடைக்கும் என்று நாம் சொல்லும் பலன்களே, பிளாக் காபியும் வெறும் டீயும் குடித்தவர்களையும் சேர்த்து அளந்தவைதான்.

## ஆட்டோஃபேஜி என்ற கேள்வி

செல் தன்னுள்ளே பழுதான பாகங்களைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்வதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு இதன் மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானிய அறிவியலாளர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் "16 மணி நேரத்தில் ஆட்டோஃபேஜி தொடங்கும், காபி குடித்தால் நின்றுவிடும்" என்று மணிக்கணக்கோடு பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த மணிக்கணக்கை நம்ப வேண்டாம். மனிதரிடம் ஆட்டோஃபேஜியை அளக்க வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எலிகளில் கிடைத்த நேரத்தை மனிதருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது, எலியின் வளர்சிதை வேகமே வேறு. காபியைப் பொறுத்தவரை, 2014-இல் வெளியான ஓர் எலி ஆய்வில் காபி ஆட்டோஃபேஜியைத் தூண்டியது. காஃபின் நீக்கிய காபியும் அதையே செய்தது. மனிதரில் அப்படி நடக்கும் என்பதற்கு அது சான்றாகாது, ஆனால் காபி அதை நிறுத்திவிடும் என்ற பேச்சுக்கு அது எதிராகவே நிற்கிறது. ஆட்டோஃபேஜியை அடக்குவதில் முன்னே நிற்பது புரதம். லூசின் போன்ற அமினோ அமிலங்கள் செல்லுக்குள் 'வளர்' என்ற சமிக்ஞையை எழுப்பும், அப்போது சுத்தப்படுத்தும் வேலை குறையும். எனவே இந்த நோக்கத்தோடு இருப்பவர்கள் பாலையும், காபியில் கலக்கும் கொலாஜன் தூளையும் தவிர்ப்பதுதான் பொருத்தம்.

## விரதத்தை அல்ல, ஆளைத் தொந்தரவு செய்வது

காபி இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டும். உணவில்லாத வயிற்றில் சிலருக்கு எரிச்சலும் குமட்டலும் வரும், அவர்களுக்கு டீ லேசாக இருக்கும். ஒரு கப் டீயில் காஃபின் பெரும்பாலும் காபியில் உள்ளதில் பாதிதான். பசியை அடக்க நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருப்பவர்கள் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்: நலமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபின், கர்ப்பிணிக்கு 200. காஃபினில் பாதி உடலை விட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக் காபியில் பாதி இரவு 9 மணிக்கும் உள்ளே இருக்கும்.

மருந்து சாப்பிடுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள்.

1. தைராய்டுக்கான லெவோதைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடுவார்கள். "பிளாக் காபிதானே, விரதம் முறியாதே" என்று அதோடு சேர்த்துக் குடித்தால் மருந்து உறிஞ்சப்படுவது குறையும். தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி.

2. இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் நீண்ட விரதத்தில் இறங்கக் கூடாது. அவர்களுக்குக் காபி இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவரும். கை நடுக்கம், படபடப்பு, வியர்வை எல்லாம் அதிகக் காஃபினாலும் வரும், சர்க்கரை ஆபத்தாகக் குறைந்தாலும் வரும். உணர்வை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, மீட்டரை வைத்துத்தான் பிரிக்க முடியும். 70-க்குக் கீழே காட்டினால் விரதம் அங்கேயே முடிந்தது. 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.